சந்தைக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்

பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போய்வந்த பல வகுப்புகளின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: தக்காளி, வெங்காயம், பழம், மீன் என்று ஒரு பட்டியல், அதற்குக் கீழே "நாங்கள் சந்தைக்குச் சென்றோம், மகிழ்ச்சியாக இருந்தது" என்று நான்கு வரி. இந்தப் பட்டியலை வீட்டில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். அரை நாள் வகுப்பை விட்டுவிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, சாலையைத் தாண்டிப் போவதென்றால் அங்கே போனால் மட்டுமே பதில் கிடைக்கிற கேள்வி ஒன்று கையில் இருக்க வேண்டும். நிறையக் கேள்விகள் வேண்டாம், ஒன்று போதும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நான் வைக்கும் கேள்வி இது. சந்தையில் எதை எடை போட்டு விற்கிறார்கள், எதை எண்ணி விற்கிறார்கள், எதைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள், எதைக் கூறு போட்டு வைக்கிறார்கள்? ஏன் அப்படி? கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவை, அறிவியல், பேச்சு, தகவல் திரட்டுவது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகின்றன. இன்னொரு வசதி, 'ஏன்' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. விற்கிறவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

முதல் வேலை ஆசிரியருடையது. பிள்ளைகளை அழைத்துப் போகப்போகிற அதே கிழமையில், அதே நேரத்தில், முன்கூட்டியே நீங்கள் மட்டும் ஒருமுறை போய்வாருங்கள். வியாபாரம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் யாரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. பெரும்பாலான சந்தைகளில் காலைக் கூட்டம் கலைந்த பிறகு கொஞ்ச நேரம் ஓய்வாக இருக்கும். அது எப்போது என்று கடைக்காரர்களிடமே கேளுங்கள். பேசச் சம்மதிக்கிற நான்கைந்து பேரைப் பார்த்துவைத்துக்கொண்டு, "பிள்ளைகள் என்ன செய்தால் உங்களுக்குத் தொந்தரவு?" என்றும் கேட்டுவிடுங்கள். பழத்தை அமுக்கிப் பார்க்கக் கூடாது, வாங்க வருகிறவர்களை மறித்து நிற்கக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, இந்த மூன்றும் அநேகமாக வரும். அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்லுங்கள். பள்ளி போடும் விதியைவிடக் கடைக்காரர் கேட்டுக்கொண்டது பிள்ளைகளிடம் நன்றாகவே எடுபடுகிறது.

பெற்றோர் அனுமதி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, யாருக்கு என்ன ஒவ்வாமை, கழிப்பறை எங்கே, எந்த இடத்தில் தலை எண்ணுவது என்பதெல்லாம் எல்லாப் பள்ளியும் செய்வதுதான், விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குழுவுக்கு நான்கைந்து பிள்ளைகள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர். அதற்கு ஆள் இல்லையென்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்து வேறு வேறு நாளில் போங்கள். ஒரு கடையின் முன்னால் நாற்பது பேர் நின்றால் முன்வரிசைக்கு மட்டும்தான் அது பாடம்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு வகுப்பில் ஒரு தாளைக் கொடுக்கிறேன். அதில் நான்கு பத்தி: பொருள், எப்படி விற்பார்கள் என்று நினைக்கிறோம், எப்படி விற்கிறார்கள், விற்பவர் சொன்ன காரணம். இரண்டாவது பத்தியை வகுப்பிலேயே பேனாவால் நிரப்பிவிட வேண்டும். அப்புறம் அழிக்கக் கூடாது. இந்த ஊகம் இல்லாமல் போனால் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் "ஓ, சரி" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். "எலுமிச்சையை எடை போட்டுத்தான் விற்பார்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை, கடையில் எண்ணிக் கொடுப்பதைப் பார்த்ததும் நின்றுவிடும். அந்தப் பிள்ளை கேட்கும் 'ஏன்' உண்மையான 'ஏன்'.

அதே வகுப்பில் ஒரு சின்ன ஒத்திகையும் வேண்டும். நான் கடைக்காரராக உட்கார்ந்துகொள்வேன். பாதிப் பேச்சில் வாங்குகிறவர் ஒருவர் வந்துவிடுவார், நான் திரும்பிக்கொள்வேன், பிள்ளை என்ன செய்யும்? காத்திருந்து மறுபடி கேட்பதா, அடுத்த கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதா என்று அவர்களே முடிவு செய்து பழகட்டும். கேள்வியைக் கேட்கும் விதத்தையும் இங்கேதான் மாற்ற வேண்டும். "ஏன் இதைக் கட்டாக விற்கிறீர்கள்?" என்று கேட்டால் "எப்போதும் அப்படித்தான் தம்பி" என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். "அம்மா, இந்தக் கீரையை எடை போட்டு விற்றால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தொழில்காரரும் தன் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால் விரிவாகப் பேசுவார். லாபம் எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சந்தையில் எங்கள் வேலை முக்கால் மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் கவனம் சிதறிவிடுகிறது. குழுவில் ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார். பேசத் தயங்கும் பிள்ளைக்கு என்று தனியாக ஒரு வேலை வைத்திருக்கிறேன்: கடைக்காரருக்குப் பின்பக்கமாக, அவர் அனுமதியோடு, நின்றுகொண்டு வாங்குகிறவர்கள் எடுத்துப் போடுவதைப் பார்த்து எடையை ஊகித்து எழுதுவது, தராசு காட்டும் எடையை அதன் பக்கத்தில் எழுதுவது. ஐந்து பேர் வாங்கும் வரை இதையே செய்ய வேண்டும். முதல் ஊகம் இரண்டு மடங்கு தப்பாகக்கூட இருக்கும், ஐந்தாவதில் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும். கிலோ, கிராம் என்று வாய்ப்பாடாகச் சொன்ன பிள்ளைக்கு அரைக் கிலோ என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்று பிடிபடுவது இந்த வேலையில்தான்.

கூட வருகிற பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். இதை மீறினால் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 'விற்பவர் சொன்ன காரணம்' என்ற பத்தியில் "ஈரப்பதம் குறைவதால்" என்று இருந்தால் அது பெரியவர் சொன்னது. "தண்ணி தெளிச்சு தெளிச்சு வைப்பேன், எடை போட்டா தண்ணிக்கும் காசு வாங்கின மாதிரி ஆயிடும்னு சொன்னாங்க" என்று இருந்தால் அது கடையில் கேட்டது. பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே எழுதட்டும், இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்த அன்றே, வீட்டுக்குப் போவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, விட்டுப்போனதை வேறு நிற மையால் தாளில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பாதி மறந்திருக்கும், மறந்ததைக் கற்பனை நிரப்பிவிடும். வேறு நிறம் எதற்கென்றால், அங்கேயே எழுதியது எது, ஞாபகத்தில் இருந்து எழுதியது எது என்று பிரித்துப் பார்க்க.

மறுநாள் எல்லாக் குழுக்களின் தாளையும் கரும்பலகையில் ஒரே அட்டவணையாகச் சேர்க்கும்போது முரண்பாடுகள் வரும். அவைதான் நமக்கு வேண்டும். ஒரு வகுப்பில் எலுமிச்சையை ஒரு கடையில் எண்ணியும் இன்னொரு கடையில் எடை போட்டும் விற்றதாகக் குறித்து வந்தார்கள். "யாரோ தப்பாக எழுதிட்டாங்க" என்றுதான் முதலில் சத்தம் வந்தது. எண்ணி விற்ற கடையில் "எல்லாம் ஒரே அளவுதானே" என்றும், எடை போட்ட கடையில் "பொடிசும் பெரிசும் கலந்து வருது" என்றும் சொன்னதாகத் தாளில் இருந்தது. அப்படியானால் எண்ணி விற்பது அளவு ஒத்துப்போகிற பொருளையா? சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது. சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, எண்ணி விற்ற கடையிலிருந்து பத்து எலுமிச்சை, எடை போட்டு விற்ற இன்னொரு கடையிலிருந்து பத்து வெங்காயம் வாங்கி ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். எலுமிச்சையில் சிறியது 38 கிராம், பெரியது 52 கிராம். வெங்காயத்தில் சிறியது 45, பெரியது 150. வெங்காயத்தை எண்ணிக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் எல்லாரும் பெரியதாகவே பொறுக்குவார்கள், சிறியது எல்லாம் கடையிலேயே தங்கிவிடும் என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள். சராசரி, வீச்சு என்ற சொற்களை அதற்குப் பிறகுதான் நான் பலகையில் எழுதினேன். அவர்கள் கையில் அப்போது அதற்கான எண்கள் இருந்தன.

கீரைக் கட்டுக்கும் அதே தராசுதான். காலையில் வாங்கிய ஒரு கட்டு 210 கிராம் இருந்தது. மேசை மேல் அப்படியே வைத்துவிட்டு மதியம் எடை போட்டால் 184. அப்புறம் தண்ணீரில் முக்கி, உதறி, மறுபடி எடை போட்டால் 236. ஒரே கட்டு, ஒரு இலைகூடச் சேர்க்கவில்லை, ஆனால் மூன்று எடை. விற்கிற அம்மா தண்ணீரைப் பற்றிச் சொன்னது ஏன் சரி என்பதைப் பிள்ளைகள் எண்களில் பார்த்துவிட்டார்கள். எந்த எடைக்கு விலை வைப்பது என்று அவர்களுக்குள் நடந்த வாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கட்டு அளவு கடைக்குக் கடை மாறுகிறதே, அதில் ஏமாற மாட்டார்களா என்று ஒரு பையன் கேட்டான், அதுவும் நியாயமான கேள்வி. இரண்டு கடைக் கட்டுகளை எடை போட்டுப் பார்ப்பது அடுத்த வேலையாயிற்று.

இந்தப் பாடத்துக்கு எல்லைகளும் உண்டு. எல்லாமே பொட்டலமாக, எடை அச்சிட்டு வருகிற பெரிய அங்காடியில் இது நடக்காது. அங்கே கேள்வியை மாற்ற வேண்டும், கேட்டுப் பதில் வாங்க ஆளும் இருக்க மாட்டார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு 'ஏன்' பத்தியை விட்டுவிட்டு, எண்ணி விற்பது, எடை போட்டு விற்பது என்று படம் வரைந்து பிரித்தால் போதும்.

ஒரு வாரம் கழித்து மதிப்பீடு செய்கிறேன். போன கடைகள் எதிலும் இல்லாத பொருள் ஒன்றைக் கொடுத்து, இதை நீங்கள் எப்படி விற்பீர்கள், காரணம் என்ன என்று எழுதச் சொல்வேன். ஒரு முறை பூசணிக்காயைக் கொடுத்தேன். முழுசாக என்றால் எடை, ஏனென்றால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அளவு ரொம்ப வித்தியாசம், நறுக்கினால் ஒரே அளவுத் துண்டாக்கி எண்ணி விற்பேன், ஆனால் அன்றைக்கே விற்றுவிட வேண்டும், காய்ந்துவிடும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். வேறொருத்தி நறுக்கியதையும் எடைதான் போடுவேன், ஒரே அளவாக நறுக்க எனக்கு வராது என்று எழுதியிருந்தாள். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். காரணமே இல்லாமல் "எடை" என்று மட்டும் எழுதிய தாளுக்குப் பாதிதான்.