லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் உப்பைக் குறைக்கும்போது

வேலூரில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி அல்ல, சாப்பாட்டில் உப்பைப் பற்றி. மனநலப் பிரிவுச் செவிலியர் ஏன் சமையலை விசாரிக்கிறார் என்று சிலர் யோசிப்பார்கள். காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. உப்பில் உள்ள சோடியத்தையும் லித்தியத்தையும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கையாள்கிறது. உடம்பில் உப்போ நீரோ குறைந்தால், வெளியே போக வேண்டிய சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே லித்தியமும் வந்துவிடும். மாத்திரை அளவு மாறாமலே ரத்தத்தில் லித்தியம் ஏறுவது இப்படித்தான்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் (அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் இருமுனை மனநோய்க்காகப் பல வருடமாக இரவில் 900 மில்லிகிராம் லித்தியம் சாப்பிட்டு வந்தார். ஜனவரியில் அவருடைய ரத்த அளவு லிட்டருக்கு 0.8 மில்லிமோல். நீண்ட நாள் சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்கு 0.6 முதல் 0.8 வரை போதும், சிலருக்கு 1.0 வரை வைப்போம். ஆக, எல்லாம் சரியாகவே இருந்தது.

மே மாதம் அவர் மனைவிக்கு பிபி இருப்பது தெரிந்து, வீட்டுக் குழம்பில் உப்பு பாதியானது. ஊறுகாய், கருவாடு நின்றன. கம்பெனியிலோ வியர்வை கொட்டும் வேலை. அந்த நேரம் பார்த்து முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஐந்து நாள் போட்டார். இந்த வகை வலி மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்துகொண்டன.

முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு குமட்டல். வெயில் சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். அடுத்த நாள் அவர் கையில் எடுத்த டம்ளர் தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. லித்தியம் சாப்பிடும் பலருக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருக்கும், அது வழக்கமான பக்கவிளைவு. ஆனால் கை முழுக்கப் பெரிதாக ஆடினால் அது வேறு. நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும், கூப்பிட்டால் மந்தமாகப் பதில் வந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. “குடிக்கவே இல்ல சிஸ்டர், ஆனா குடிச்ச மாதிரி நடக்கிறாரு” என்றார் அவர் மனைவி. லித்தியம் நச்சாகிவிட்டதன் அறிகுறியை அவர் சரியாகவே சொல்லிவிட்டார்.

முந்தைய இரவு ஒன்பது மணி மாத்திரைக்குப் பிறகு காலை ஒன்பதுக்கு எடுத்த ரத்தத்தில் அளவு 1.9 இருந்தது. இந்த 12 மணி நேர இடைவெளி முக்கியம். பரிசோதனை நாளில் மாத்திரை போட்டுவிட்டு உடனே ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயரும். ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாயில் ரத்தம் எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது, சிலருக்கு 1.5க்குக் கீழேயே நச்சு அறிகுறிகள் வரும். அவருக்கு லித்தியத்தையும் வலி மாத்திரையையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், ஈசிஜி பார்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளவை எடுத்தோம். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. அளவு 1.0க்குக் கீழ் வந்த பிறகும் தள்ளாட்டம் சில நாள் இருந்தது. மூளையிலிருந்து லித்தியம் மெதுவாகத்தான் இறங்கும்.

வீட்டுக்குப் போனதும் பயத்தில் உப்பை அள்ளிப் போட்டார்கள். அதுவும் ஆபத்துதான். உப்பு திடீரென்று கூடினால் லித்தியம் சிறுநீரில் போய்விடும், அளவு இறங்கி நோய் திரும்பலாம். அதனால் நான் சொல்வது கூட்டு என்றோ குறை என்றோ அல்ல, ஒரே மாதிரி வை என்பதுதான். மனைவியின் பிபிக்கு உப்பு குறைய வேண்டுமானால் அவர் பங்கைத் தனியே எடுத்துவிட்டு, கணவருக்கு வழக்கமான உப்பைச் சேர்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு. லித்தியமே தாகத்தையும் அடிக்கடி சிறுநீரையும் தரும். ராத்திரி எழுந்து எழுந்து போகிறாரே என்று சொம்பை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. ஐயோ, அதைச் செய்யாதீர்கள். சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு வறளும். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் வெயில் காலத்தில் இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்கலாம். நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வழக்கம்போல உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ சேரட்டும். நோன்பு, விரதம் இருப்பவர்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அளவு நிலையாக இருப்பவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும், கிரியேட்டினினும் தைராய்டும் அப்போதே பார்த்துவிடலாம். மாத்திரை அளவு மாறினால் மட்டும் ஒரு வாரத்தில் வர வேண்டும். பிபிக்கு எனாலாப்ரில், லோசார்ட்டான், நீர் மாத்திரை போன்றவை புதிதாகத் தொடங்கினாலும் அப்படியே. வலிக்கோ காய்ச்சலுக்கோ பாராசிட்டமால் போதும். வாந்தி பேதி கண்ட நாளில் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். மறுபடி எப்போது தொடங்குவது என்பதை அன்றைய ரத்த அளவைப் பார்த்து டாக்டர் சொல்வார். அதற்கு மேல் நீங்களாக நிறுத்தி வைக்கக் கூடாது.