பள்ளி அறிவிப்பில் முதலில் மாற்ற வேண்டியது வினை

பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கமும் இடுக்கியின் தேவிகுளம் பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் அனுப்பும் அறிவிப்புகளில் இப்படியான வரிகளைப் பார்க்கலாம்:

"ஃப்ரைடே ஆஃப்டர்நூன் 2 மணிக்கு பேரண்ட்ஸ் மீட்டிங் கண்டக்ட் பண்ணப்படும். ப்ராக்ரஸ் கார்டில் சைன் பண்ணி ரிட்டர்ன் பண்ணவும். ஃபீஸ் பேலன்ஸ் உள்ளவர்கள் ஆஃபீஸில் பே பண்ணவும். யூனிஃபார்ம் கம்பல்சரி. சாட்டர்டே லீவ்."

இதைத் திருத்த உட்காருபவர்கள் பெயர்ச்சொற்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். சிக்கல் "பண்ணு"வில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லையும் பண்ணுவையும் சேர்த்தே எடுத்துவிட்டு ஒரு தமிழ் வினையைப் போடுங்கள். சைன் பண்ணி என்பது கையொப்பமிட்டு ஆகும்; ரிட்டர்ன் பண்ணவும், திருப்பித் தரவும்; பே பண்ணவும், செலுத்தவும். கண்டக்ட் பண்ணப்படும் என்பதற்கு நடைபெறும் போதும். "நடத்தப்படும்" பிழையில்லை, வீண் நீளம்.

அடுத்துதான் பெயர்ச்சொற்கள். கணினியில் சொல்லைத் தேடி மாற்றினால் வேற்றுமை உருபு உடையும். "மீட்டிங்குக்கு" என்பதில் மீட்டிங்கை மட்டும் மாற்றினால் "கூட்டம்குக்கு" என்று வந்து நிற்கும், வேண்டியது "கூட்டத்துக்கு". ஃபீஸை என்பது கட்டணத்தை. ம் என்று முடியும் சொற்களை ஒவ்வொன்றாகக் கையால் பாருங்கள்.

லீவுக்கு இரண்டு சொற்கள் உண்டு. பள்ளி மூடியிருந்தால் விடுமுறை. பிள்ளை வராமல் இருக்கக் கேட்பது விடுப்பு. இங்கே மூன்றாவதாக ஒன்றும் நுழைகிறது. மலையாளத்தில் விடுமுறைக்கு "அவதி" என்பார்கள். அதை அப்படியே எடுத்து "நாளை பள்ளிக்கு அவதி" என்று எழுதினால், தமிழ் மட்டும் படித்த பாட்டி பள்ளிக்கு என்ன துன்பம் வந்ததோ என்று பதறுவார். யோகம் என்றால் மலையாளத்தில் கூட்டம், நமக்கு அதிர்ஷ்டம்.

எக்ஸாமை எடுத்துவிட்டுப் பரீட்சை என்று போட்டால் ஆங்கிலத்துக்குப் பதில் வடசொல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தேர்வு இருக்கிறதே. கம்பல்சரிக்கு அவசியம் வேண்டாம், கட்டாயம் போதும்.

திருத்திய வடிவம்:

"வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டுத் திருப்பித் தரவும். கட்டண நிலுவை உள்ளவர்கள் அலுவலகத்தில் செலுத்தவும். பிள்ளைகள் கட்டாயம் சீருடையில் வர வேண்டும். சனிக்கிழமை விடுமுறை."

சனிக்குக் காரி என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்கள் உண்டு. அறிவிப்பில் அது வேண்டாம். நாள் தெரியாமல் பிள்ளை வெறும் பள்ளிக்கு வந்து நிற்கும். டி.சி. போல அலுவலகச் சாளரத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டிய பெயரையும் முழுக்க நீக்காதீர்கள். "மாற்றுச் சான்றிதழ் (டி.சி.)" என்று முதல்முறை இரண்டையும் எழுதிவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரையே தொடருங்கள். ஆதார், அட்சயா மையம் இரண்டும் இடுபெயர்கள். அவற்றைத் தொட வேண்டியதில்லை.