ரிசப்ஷனிஸ்டின் பொறுமைக்கு மார்க் போடும் முன்

கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கத்து லாட்ஜ்களில் ஊழியர் மதிப்பீட்டுக்கு உதவுவது என் வேலை. ரிசப்ஷனிஸ்டின் படிவத்தில் மூன்று வரிகள் தவறாமல் இருக்கும்: முதல் வரவேற்பு, ஒரே நேரத்தில் பல வேலை, பொறுமை. மேனேஜர் மனதில் கடைசியாக நிற்கும் சண்டைதான் பெரும்பாலும் மூன்றுக்கும் மார்க் போடுகிறது.

கடற்கரை ஓரத்து லாட்ஜ் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பொறுமையில் 5-க்கு 2 விழுந்திருந்தது. காரணம் கேட்டேன். "சீசன்ல ஒரு கெஸ்ட்கிட்ட சத்தம் போட்டுட்டா சார்" என்றார் மேனேஜர்.

சரி, அந்தக் காலையை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்றேன். சபரிமலை சீசன், விடிவதற்கு முந்தைய நேரம். சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கவுண்டரில் சாவியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், லேண்ட்லைன் அடிக்கிறது. ரயிலில் வந்திறங்கிய ஒரு குடும்பம் உடனே அறை வேண்டும் என்கிறது. புக்கிங்படி பகல் 12 மணிக்குத்தான் அறை. பைகளை வைத்துக்கொள்வதாகச் சொல்லி, முகம் கழுவ இடமும் காட்டியிருக்கிறார். அதே கேள்வி மூன்றாம் முறை வந்தபோதுதான், "அதான் சொன்னேம்லா" என்று குரல் உயர்ந்தது.

ரிஜிஸ்டரைப் பார்த்தால் அப்போது இரண்டு அறைகள் காலி. கூடுதல் வாடகை வாங்கி முன்கூட்டியே கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மேனேஜரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. மாற்று வழி சொன்னார், மேலே தகவல் கொடுக்க முயன்றார், இரண்டு முறை நிதானமாகப் பதில் சொன்னார். பொறுமையில் பார்க்க வேண்டியது இவைதான். குரல் உயர்ந்ததற்கு ஒரு மார்க் குறைக்கலாம், மூன்று குறைப்பது அநியாயம்.

உண்மையான தவறு வேறு இடத்தில் இருந்தது. அந்த லேண்ட்லைனில் பேசியவர் ஒரு டூர் ஏஜென்ட். "ஒரு நிமிஷம்" என்று காத்திருக்க வைத்தவர் திரும்பவே இல்லை. மெசேஜ் நோட்டில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. மறுநாள் ஏஜென்ட் முதலாளியிடம் புகார் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பல வேலை என்பதில் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பி வருகிறாரா, வர முடியாவிட்டால் எழுதி வைக்கிறாரா என்று பார்ப்பேன். அந்த வரியில் அவருக்கு 4 போட்டிருந்தார்கள்! அதை 2 ஆக்கினோம், பொறுமை 4 ஆனது. ஆனால் அந்த நேரத்தில் கவுண்டரில் ஒரே ஆள் இருந்ததையும் குறிப்பில் எழுதச் சொன்னேன். இரண்டாவது ஆள் இருந்திருந்தால் அந்த 2-க்கு அர்த்தமே வேறு.

முதல் வரவேற்பில் சேலை, நிறம், ஆங்கிலம் என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. லாபி சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காதில் ஃபோன் இருக்கும்போதும் உள்ளே வருகிறவரை நிமிர்ந்து பார்த்து, கையால் "உட்காருங்க" என்று காட்டுகிறாரா? அவ்வளவுதான்.

அப்புறம், காலி அறை இருந்தால் பாதி வாடகைக்கு முன்கூட்டியே தரலாம் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். மேனேஜரின் படிவத்திலும் "கவுண்டரிலிருந்து வரும் அழைப்பை எடுத்தல்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.