சுயாதீன மேற்பரப்பு: மட்டம் சாயும்போது

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தால், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலை மடியில் படுக்கவைத்துப் பாருங்கள். சாரதி பிரேக்கை மிதிக்கும்போது தண்ணீர் முன்பக்கம் ஏறி, பின்பக்கம் வழிந்து இறங்கும். அவர் பிரேக்கை ஒரே அளவில் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சாய்வும் அப்படியே நிற்கும். வேன் முற்றாக நின்றதும் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

சாய்ந்து நிற்கும் அந்தப் பரப்பைத்தான் நம்முடைய உயர்தரப் பாடநூல் வழக்கு ‘சுயாதீன மேற்பரப்பு’ என்கிறது. அன்றாடப் பேச்சில் நமக்கு இருப்பது ‘நீர்மட்டம்’. நல்ல சொல்தான், ஆனால் மட்டம் என்றாலே கிடை என்று பொருள். கொத்தனார் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பது அந்த நம்பிக்கையில்தான். போத்தலுக்குள் சாய்ந்து நிற்கும் தண்ணீரை மட்டம் என்று சொல்ல வாய் வராது. அதனால் வேறு சொல் தேவைப்பட்டது.

சுயாதீனம் வடமொழிச் சொல். ஸ்வ என்றால் தன், அதீனம் என்றால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. யாருக்கும் கட்டுப்படாமல் தன் விருப்பப்படி இருப்பது என்று சேர்ந்து பொருள் தரும். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பாடசாலை விஞ்ஞானத்துக்காகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்ட காலத்தின் சொல்மணம் இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று இருந்ததைச் ‘சுதந்திரமான’ என்று எடுத்துக்கொண்டார்கள். என் மனக்குறை அங்கேதான். இந்தப் பரப்பு தன் விருப்பப்படி எதுவும் செய்வதில்லை. தாங்கியின் ஆர்முடுகல் என்னவோ, அதற்கேற்ற ஒரே ஒரு சாய்வில்தான் நிற்கும். ‘ஃப்ரீ’ இங்கே சொல்வது வேறு: அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டு சுவர் எதுவும் இல்லை, அதை ஒட்டி இழுக்கும் விசையும் இல்லை, மேலே காற்றின் அமுக்கம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது. அதனால் ‘கட்டற்ற மேற்பரப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘திறந்த மேற்பரப்பு’ என்று சொல்வாரும் உண்டு. அது பொருந்தாது. மூடி போட்ட பவுசருக்குள்ளும், மேலே கொஞ்சம் காற்று இருந்தால் இந்தப் பரப்பு இருக்கும்.

ஆர்முடுகல் என்ற சொல்லையும் இங்கே விட்டுவிட மனமில்லை. முடுகுதல் என்றால் விரைதல். செய்யுளில் வேகமாக ஓடும் சந்தத்தை முடுகு என்பார்கள். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். வேகம் கூடினால் ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல். தமிழ்நாட்டில் இதை முடுக்கம் என்கிறார்கள். நம் சோடிச் சொற்கள் பிரேக் பிடிப்பதற்கும் ஒரு பெயர் தந்துவிடுகின்றன. மலைச்சாலையில் அது அடிக்கடி தேவைப்படுகிறது.

சரி, பரப்பு ஏன் சாய வேண்டும்? லொறி புறப்படும்போது உள்ளே இருக்கும் தண்ணீரையும் முன்னே தள்ள யாராவது வேண்டும். அடித்தளம் வழுக்கலானது, அதனால் பெரிதாக இழுக்க முடியாது. தள்ளுவது அமுக்க வித்தியாசம்தான். ஒவ்வொரு துண்டுத் தண்ணீருக்கும் பின்னால் அமுக்கம் கூடவும் முன்னால் குறையவும் வேண்டும். அமுக்கம் கூட ஆழம் கூட வேண்டும். ஆகவே புறப்படும்போது தண்ணீர் பின்சுவரில் ஏறுகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்சுவரில் ஏறுகிறது. சாய்வின் அளவு tan θ = a/g. a கிடை ஆர்முடுகல், g புவியீர்ப்பு ஆர்முடுகல். திரவத்தின் அடர்த்தி ρ இதில் வரவே இல்லை. தண்ணீரானாலும் டீசலானாலும் சாய்வு ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். வரட்சி மாதத்தில் தோட்டத்து லயங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லொறி ஒன்று. மேலே மூடியில்லாத பெட்டித் தாங்கி: நீளம் 4 மீற்றர், அகலம் 2 மீற்றர், சுவர் உயரம் 1.5 மீற்றர். தண்ணீர் 1 மீற்றர் ஆழம், அதாவது 8000 கிலோகிராம். சமதரையான சாலைத் துண்டில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, சுமார் 20 மீற்றருக்குள் நிற்கிறது. அமர்முடுகல் ஏறக்குறைய 2.45 மீ/செ², அதாவது g-இல் கால்பங்கு.

சாய்வு நாலுக்கு ஒன்று, கோணம் சுமார் 14 பாகை. தாங்கியின் நடுவில் ஆழம் மாறாது, 1 மீற்றர்தான். அங்கிருந்து முன்சுவர் 2 மீற்றர் தூரம், ஆகவே அங்கே தண்ணீர் 0.5 மீற்றர் ஏறி 1.5 மீற்றராகிறது. பின்சுவரில் 0.5 மீற்றருக்கு இறங்குகிறது. முன்சுவரின் விளிம்பை அது சரியாகத் தொட்டு நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சாலையில் ஊற்றும்.

இனிச் சுவர் மீதுள்ள அமுக்கம். தண்ணீருக்கு மேல்கீழாக ஆர்முடுகல் கிடையாது. அதனால் நிலைக்குத்துத் திசையில் பழைய விதியே செல்லும்: அந்தப் புள்ளிக்கு நேர்மேலே சாய்ந்த பரப்பு வரை எவ்வளவு ஆழமோ அதை ρg-ஆல் பெருக்கினால் போதும். முன்சுவரின் அடியில் 14,700 பாஸ்கால். லொறி ஓய்வில் நிற்கும்போது அங்கே 9800 மட்டுமே. சுவர் முழுவதிலும் சேரும் உதைப்பு ஆழத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், ஓய்வில் 9800 நியூட்டனாக இருந்தது இப்போது 22,050 நியூட்டன். ஆழம் ஒன்றரை மடங்கு, உதைப்பு இரண்டேகால் மடங்கு.

வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், ஓய்வு அமுக்கம் 9800, அதோட ஆர்முடுகல் அமுக்கம் ρaL இன்னொரு 9800. கூட்டினா 19,600 தானே?”

இந்தப் பிழை அடிக்கடி வருவது. ρaL என்பது தளத்தின் பின்முனைக்கும் முன்முனைக்கும் இடையிலான வித்தியாசம். அதைப் பின்சுவரின் இப்போதைய அமுக்கமான 4900-உடன் கூட்ட வேண்டும், ஓய்வு நிலையோடு அல்ல. 4900-உம் 9800-உம் 14,700. விடை சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்சுவர் மீதுள்ள உதைப்பு 2450 நியூட்டன். 22,050-இலிருந்து அதைக் கழித்தால் 19,600. எட்டாயிரம் கிலோகிராமை 2.45-ஆல் பெருக்கினாலும் அதே 19,600. இரண்டு சுவர்களின் வித்தியாசம்தான் அத்தனை தண்ணீரையும் நிறுத்துகிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஆழத்தைத் தவறாக எடுத்திருக்கிறோம்.

இதற்கு எல்லையும் உண்டு. சுவர் உயரமாக இருந்து a, g-இன் பாதியைத் தொட்டால் பின்முனையில் தளம் காய்ந்துவிடும். அதற்கு மேல் ‘நடுவில் ஆழம் மாறாது’ என்ற கணக்கு செல்லாது. அப்போது தண்ணீரின் குறுக்குவெட்டு முக்கோணமாகிவிடும், கனவளவு மாறாது என்பதிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னொன்று, மேலே சொன்னதெல்லாம் ஒரே அளவில் நீடிக்கும் பிரேக்குக்கு. திடீரென்று மிதித்தால் தண்ணீர் அந்தச் சாய்வைத் தாண்டி எழும்பிச் சுவரில் மோதி, திரும்பி வரும். அந்த அடி மேலே கண்ட எண்ணை விடக் கூடுதலாகவே இருக்கும்.

துளையிட்ட தடுப்புத் தகடுகளை உள்ளே வைப்பது இந்த அலைச்சலுக்காகத்தான். அவை சாய்வைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். துளை வழியே தண்ணீர் போய்ச் சேர நேரமிருந்தால் கடைசியில் அதே 14 பாகைதான், முன்சுவரில் அதே 22,050 தான். துளையே இல்லாத ஒரு நடுச்சுவரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அறையும் 2 மீற்றர் நீளம், முன்சுவரில் ஏற்றம் 0.25 மீற்றர் மட்டும், உதைப்பு சுமார் 15,300 நியூட்டன். சாய்வுக் கோணம் இரு அறையிலும் அதேதான், ஏறும் உயரம்தான் பாதியாகிவிட்டது. மிச்சச் சுமையை நடுச்சுவர் ஏற்றுக்கொள்கிறது. அதனால் நடுச்சுவரை வெறும் தகடாக விடாமல், தாங்கியின் சட்டத்தோடு நன்றாகப் பற்றவைத்திருக்க வேண்டும்.