நிமிர்ந்தால் சுற்று நிற்குமா?

டர்பனில் டைவிங் கற்றுக்கொடுக்கிறேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் குளத்தோரம் நின்று, "உடம்பை நிமிர்த்தினால் குட்டிக்கரணம் நின்றுவிடும்தானே?" என்று கேட்பது வழக்கம். நிற்காது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

பலகையை உதைத்துக் கிளம்பும் நொடியிலேயே அந்தப் பிள்ளையின் கோண உந்தம், அதாவது மொத்தச் சுழற்சியின் அளவு, முடிவாகிவிடுகிறது. புவியீர்ப்பு உடலின் நிறை மையம் வழியாக இழுப்பதால் சுழற்சியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. காற்றின் தடையோ இங்கே பொருட்டே இல்லை. பிள்ளையின் கையில் இருப்பது நிலைமத் திருப்புத்திறன் ஒன்றுதான்; உடலின் நிறை சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்த அளவு அது. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டால் அது சிறுக்கும், சுற்று வேகமெடுக்கும். கையை நீட்டி நிமிர்ந்தால் அது ஏறக்குறைய நாலு மடங்காகும், சுற்றும் நாலில் ஒரு பங்காகும்.

3 மீட்டர் ஸ்பிரிங்போர்டிலிருந்து முன்பக்கமாக ஒன்றரைக் குட்டிக்கரணம் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். காற்றில் கிடைப்பது சுமார் 1.3 வினாடி. கட்டிக்கொண்டிருக்கையில் வினாடிக்கு இரண்டு சுற்று என்றால், 0.1 வினாடியில் 72 டிகிரி போய்விடும். நிமிர்ந்தபின் அதே 0.1 வினாடியில் போவது 18 டிகிரிதான். ஆக, நிமிர்வது 0.1 வினாடி தாமதமானால் 54 டிகிரி கூடுதலாகச் சுற்றிவிடுவான். தலைகுத்தி நுழைய வேண்டியவன் தண்ணீரில் முதுகை அடித்துக்கொள்வான். பயந்துபோய்ச் சீக்கிரம் நிமிர்ந்தவனோ சுற்று போதாமல் முகமும் வயிறும் பட விழுவான். எந்தப் பக்கம் சிவந்திருக்கிறது என்று பார்த்தாலே பிழை எது என்று தெரிந்துவிடும்!

கை தண்ணீரைத் தொட்ட பிறகும் பாதம் உள்ளே போகக் கால் வினாடி வரை ஆகிறது. அதுவரையிலும் உடல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் நேர்செங்குத்துக்குச் சற்று முன்பே கை நீரைத் தொடும்படி பழக்குகிறேன். மேலே நிற்பவர்களுக்கு 'இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறதே' என்று படும். சரியான நுழைவு அப்படித்தான் இருக்கும்.

எப்போது நிமிர்வது என்பதைப் பிள்ளை எண்ணிக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு சுற்று முடிகையில் கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்து, பார்த்ததும் காலை உதறி நீட்ட வேண்டும். முதலில் டிராம்போலினில் இடுப்புப் பட்டை கட்டி, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "நீட்டு!" என்று கத்துவேன். அந்தக் குரல் இல்லாமலே சரியாக நிமிர்கிறவனைத்தான் பலகையில் ஏற்றுவேன்.

அப்புறம், கடற்கரைப் பாலத்தில் இதைச் செய்துகாட்டும் அண்ணன்மார் விஷயம். 3 மீட்டர் பலகையில் பழகிய நேரக்கணக்கு அந்த உயரத்துக்கு மட்டுமே பொருந்தும். கடல் வற்றி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கியிருந்தால் விழ 0.1 வினாடிக்கு மேல் கூடும். நிமிர்ந்த நிலையிலேயே அது 20 டிகிரி. போதாக்குறைக்கு, ஆழத்திலும் ஒரு மீட்டர் குறைந்திருக்கும்.