முஷூக்யோ: நாத்திகமும் இல்லை, மதச்சார்பின்மையும் இல்லை

“ஜப்பானியர்களில் பெரும்பாலோர் நாத்திகர்கள். ஆனாலும் புத்தாண்டன்று கோயில் வாசலில் மணிக்கணக்கில் காத்து நிற்கிறார்கள்.” செய்தித் துணுக்கு, ஆவணப்படத்தின் தமிழ்க் குரல், பயணக் கட்டுரை என்று எங்கு பார்த்தாலும் இந்த வாக்கியம் வந்துகொண்டே இருக்கிறது. அந்த ‘ஆனாலும்’ வந்ததும் படிப்பவர் வியந்துபோகிறார். ஜப்பானியருக்கோ அதில் வியக்க எதுவும் கிடையாது. முதல் வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததால்தான் இரண்டாவது வாக்கியத்துக்கு ‘ஆனாலும்’ தேவைப்படுகிறது.

அந்தச் சொல் முஷூக்யோ. ‘மு’ என்றால் இல்லாமை. ‘ஷூக்யோ’வில் ‘ஷூ’ என்பது ஒரு பிரிவு அல்லது மரபு, ‘க்யோ’ என்பது போதனை. பௌத்தரிடையே ‘பிரிவின் போதனை’ என்ற பொருளில் வழங்கிய பழஞ்சொல் இது. 1858 முதல் மேலைநாடுகளோடு உடன்படிக்கைகள் எழுத வேண்டி வந்தபோது, அந்த நாட்டார் தம் வழிபாட்டுரிமையைக் குறிக்க வைத்திருந்த ‘ரிலிஜன்’ என்ற சொல்லுக்கு ஈடு தேட வேண்டியதாயிற்று. முதலில் பல சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். 1870களுக்குப் பிறகு ஷூக்யோ நிலைத்தது. ஆக, இந்தப் பொருளில் ஷூக்யோவுக்கு வயது நூற்றைம்பதுதான். வேர் இவ்வளவே. சொல்லின் சிக்கல் வேரில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது.

ஷூக்யோ என்றதும் ஜப்பானியர் மனத்தில் நிறுவனர், நூல், கொள்கை, உறுப்பினர் பட்டியல், ஆள் சேர்ப்பு ஆகியவை உள்ள அமைப்பு வந்து நிற்கிறது. கிறித்தவம் அப்படிப்பட்டது. வீட்டுக் கதவைத் தட்டித் துண்டறிக்கை நீட்டும் புதிய இயக்கங்களும் அப்படிப்பட்டவை. 1995இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற குழு தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டாலே சற்றுத் தள்ளி நிற்பவர்கள் அதிகமானார்கள். “உங்கள் ஷூக்யோ என்ன?” என்ற கேள்வி அவர்கள் காதில் “நீங்கள் எந்தக் குழுவின் ஆள்?” என்றே விழும். “எதிலும் இல்லை, முஷூக்யோ” என்பது அதற்கான பதில். 2018இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்திய கருத்தாய்வில் 62 விழுக்காட்டினர் தாம் பற்றும் சமயம் எதுவும் இல்லை என்றார்கள். தெய்வம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அது வேறு கேள்வி.

இப்போது ‘நாத்திகர்’. ‘இல்லை’ என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது இது. ஒன்றைக் கருதிப் பார்த்து, இல்லை என்று முடிவு செய்து, அதை வெளியே சொல்லவும் துணிந்தவரே நாத்திகர். தமிழில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறாண்டு மேடைப்பேச்சும் வழக்காடலும் இருக்கின்றன. அது ஒரு நிலைப்பாடு. ஜப்பானிய மொழியிலும் இந்த நிலைப்பாட்டுக்குத் தனிச்சொல் உண்டு: முஷின்ரோன். மு, ஷின் (தெய்வம்), ரோன் (வாதம்) என்று பிரித்தால் ‘தெய்வம் இல்லை என்னும் வாதம்’. அந்த வாதத்தை உடையவர் முஷின்ரோன்ஷா. இரண்டு சொற்களையும் ஜப்பானியர் தனித்தனியே வைத்திருக்கும்போது, இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்க நமக்கு என்ன உரிமை? முஷூக்யோவை நாத்திகம் என்று எழுதியவர், முஷின்ரோன் எதிரே வந்தால் என்ன செய்வார்? அகராதியை ஒரு பக்கம் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஜப்பானிய அகராதி எதற்கு என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் மூலம்.

மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ இந்த இடத்தில் கைகொடுக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று வரிசையாகக் கேட்டு வருகிறாள். கடைசியில் பூதவாதியிடமும் கேட்கிறாள். பூதங்களின் சேர்க்கையிலிருந்தே உணர்வு பிறக்கிறது, மறுபிறப்பு இல்லை என்பது அவன் வாதம். இன்றைய பேச்சில் அவன் நாத்திகன். காதையின் தலைப்பிலோ அவனும் ஒரு சமயக்கணக்கன். அந்தப் பழைய பொருளில் சமயம் என்பது ஒரு தரப்பு எடுத்து நிறுத்தும் கொள்கை. ‘பிரிவின் போதனை’ என்ற ஷூக்யோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. அப்படிப் பார்த்தால் நாத்திகருக்கும் ஒரு சமயம் உண்டு. முஷூக்யோ என்பவருக்கு அதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக்குவது பிழை மட்டுமல்ல, நேர்மாறும்கூட.

‘மதமற்றவர்’ என்று எழுதுவோர் சற்று அருகில் வருகிறார்கள். ஆனால் அந்த ‘அற்ற’, இருந்தது தொலைந்தது போன்ற ஒரு குறைபாட்டுத் தொனியைக் கொண்டுவந்துவிடுகிறது. ‘மதச்சார்பற்றவர்’ அதைவிட மோசம். தமிழில் மதச்சார்பின்மை அரசின் குணமாக வேரூன்றிவிட்டது. ஜப்பானியத்தில் அதற்கு ஸெய்க்யோ புன்ரி, அதாவது அரசையும் சமயத்தையும் பிரித்தல், என்று வேறு சொல் இருக்கிறது. ‘சமயஞ்சாராதவர்’ என்பதே என் தேர்வு. சாராமை என்றால் சேராமை. அது நம்பிக்கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முஷூக்யோவும் சொல்வதில்லை.

ஜப்பானின் பூர்விகத் தெய்வ வழிபாடு ஷின்தோ. ஜின்ஜா எனப்படும் ஷின்தோ கோயிலில் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோரீ என்னும் வாயிலில் தலைவணங்கி, பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது என்பதால் ஓரமாக நடப்பார்கள். நீர்த்தொட்டியில் அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, மீண்டும் மாற்றி இடது உள்ளங்கையில் நீர் வாங்கி வாய் கொப்பளிப்பார்கள். அகப்பையில் நேரே வாய் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து பிடியைக் கழுவிவிடும். பிறகு காணிக்கைப் பெட்டியில் காசு. பலர் 5 யென் போடுவது, அதன் ஒலி ‘கோ-என்’, அதாவது நல்ல தொடர்பு, என்ற சொல்லோடு ஒத்துப்போவதால்தான். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, ஒரு முறை குனிய வேண்டும். இஸுமோ பெருங்கோயிலில் நான்கு தட்டு. பௌத்த கோயிலில் கைதட்டக் கூடாது, கூப்பினால் போதும். வெளிநாட்டார் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். இந்த வரிசையில் எங்கேயும் “நம்புகிறாயா?” என்ற கேள்வி வருவதில்லை. ஞானஸ்நானம் இல்லை, விசுவாச அறிக்கை இல்லை, பேரேட்டில் கையெழுத்து இல்லை. சேரும் வாசலே இல்லாத இடத்துக்குப் போய்வருவதால் யாரும் அதைச் சார்ந்தவராகிவிடுவதில்லை.

பேரேடு இல்லையென்றால் கணக்கு எங்கிருந்து வருகிறது? ஜப்பான் அரசின் கலாசார அலுவலகத்தின் ஆண்டுமலரில் சமய அமைப்புகளின் மொத்த உறுப்பினர்கள் சில ஆண்டுகளுக்கு முன் சுமார் 18 கோடி. நாட்டின் மக்கள்தொகையோ 12½ கோடி அளவு. அமைப்புகள் தாங்களே கொடுக்கும் எண்ணிக்கை அது. ஜின்ஜா தன் வட்டாரத்தில் குடியிருப்பவர்களை உஜிகோ என்று எண்ணுகிறது. பௌத்த கோயில் தன்னிடம் கல்லறை வைத்திருக்கும் குடும்பங்களை எண்ணுகிறது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஏறுகிறார், பல சமயம் அவருக்கே தெரியாமல். அந்தக் கணக்கை எடுத்து ‘ஷின்தோ மதத்தினர் இத்தனை கோடி’ என்று எழுதுவதும் நாத்திகர் என்று எழுதுவதும் ஒரே பிழையின் இரண்டு முனைகள்.

ஷின்தோ ஷூக்யோ அல்ல என்ற எண்ணத்தை அரசே ஊட்டி வளர்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1889 அரசியலமைப்பு, குடிமக்களின் கடமைக்கு முரணாகாத அளவில் சமய உரிமை தந்தது. 1900இல் உள்துறை அமைச்சகம் ஜின்ஜாக்களுக்கு ஓர் அலுவலகமும் சமயங்களுக்கு வேறோர் அலுவலகமும் என்று பிரித்துவைத்தது. ஜின்ஜா வணக்கம் குடிமகன் கடமை, அது சமயமே அல்ல என்பது அதன் உட்பொருள். அதனால் எந்தச் சமயத்தாரையும் அங்கே வணங்கச் சொல்ல முடிந்தது. 1945 டிசம்பரில் நேசநாட்டுப் படைத் தலைமை இந்த ஏற்பாட்டை முறித்தது. ஆனால் பழக்கம் போகவில்லை.

போகாத பழக்கத்துக்கு ஒரு வழக்கே சான்று. 1965 ஜனவரியில் த்ஸு நகராட்சி, உடற்பயிற்சிக்கூடம் கட்டும் இடத்தில் ஷின்தோ குருக்களைக் கொண்டு நிலச்சாந்தி செய்தது. செலவு 7,663 யென். போருக்குப் பிந்தைய புதிய அரசியலமைப்பின்படி அரசுப்பணம் சமயத்துக்குப் போகக் கூடாது என்று ஒரு நகர்மன்ற உறுப்பினர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் இது வெறும் வழக்கம் என்றது. 1971இல் நகோயா உயர் நீதிமன்றம், இல்லை, சமயச் சடங்குதான் என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் பத்துக்கு ஐந்து என்ற கணக்கில், சமயத் தொடர்பு உண்டு, ஆனால் நோக்கம் கட்டுமானம் நலமாக முடிய வேண்டும் என்ற பொதுவழக்கே என்று தீர்ப்பளித்தது. மூன்று நீதிமன்றங்கள் பன்னிரண்டு ஆண்டு அடித்துக்கொண்டது, கொஞ்சம் அரிசியும் மதுவும் வைத்து மண் கொத்துவது ஷூக்யோவா என்பதற்காக. இதைத் துணைத்தலைப்பு எழுதுகிறவர் ‘நாத்திகர்’ என்று அரை நொடியில் தீர்த்துவிடுகிறார்!

ஷின்தோ என்ற பெயரையும் சும்மா விடுவதில்லை. ‘தோ’ என்றாலே நெறி. அதன்மேல் ‘மதம்’ ஒட்டினால் தெய்வநெறி மதம் ஆகிறது. ‘ஷிண்டோயிசம்’ என்று எழுதினால் நெறியின்மேல் ஆங்கில ‘இசம்’ ஒட்டிக்கொள்கிறது. ஷின்தோ போதும். விளக்கம் வேண்டுமானால் ஒருமுறை ‘தெய்வநெறி’ என்று எழுதிவிட்டு நகரலாம்.

என் சொல் எடுபடாத இடமும் ஒன்று உண்டு. முஷூக்யோ-ஸோ என்றொரு இறுதிச்சடங்கு இருக்கிறது. பிக்கு இல்லை, சூத்திரம் ஓதுவதில்லை, இறந்தவருக்கு பௌத்தப் பெயர் சூட்டுவதில்லை. மலர் வைத்து, இசை போட்டு, நினைவுரை பேசி முடிப்பார்கள். இதைச் ‘சமயஞ்சாராதவரின் சடங்கு’ என்றால் தவறு. முஷூக்யோ என்று சொல்லிக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பௌத்த முறையில்தான் இறுதிச்சடங்கு நடக்கிறது. ‘ஓதலில்லா இறுதிச்சடங்கு’ என்றால் நடப்பது புரியும். இப்படி நடத்திவிட்டு எலும்பை எடுத்துக்கொண்டு குடும்பத்தின் பௌத்த கோயிலுக்குப் போனால், ஓதாமலும் பெயர் சூட்டாமலும் எங்கள் கல்லறையில் வைக்க முடியாது என்று அங்கே மறுப்பதும் உண்டு. அதனால் ஈமச்சேவை நிறுவனங்கள் முன்பணம் வாங்குமுன் கேட்பது “எதை நம்புகிறீர்கள்?” என்றல்ல, “உங்கள் கல்லறை எந்தக் கோயிலில்?” என்று.