எரியாத யூனிட்டை எப்படி அளப்பது?

பழைய அலுவலகக் கட்டடத்தில் ஆற்றல் தணிக்கை செய்யப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யாருமே இல்லாத இரவு 2 மணிக்கு இந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதுதான். பிரதான மின்பலகையில், மின்செலவைக் குறித்துவைக்கும் லாகர் என்ற கருவியை மாட்டி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும்படி இரண்டு வாரம் விட்டுவிட்டால் பதில் கிடைத்துவிடும்.

கணக்குக்காக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இரவில் 35 கிலோவாட் ஓடுகிறது. சர்வர், அவசர விளக்கு, லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கூட்டினாலும் 15தான் வருகிறது. மீதி 20 எங்கே போகிறது? மாடிமாடியாக ஏறிப் பார்த்தால், குளிர்காற்றைத் தள்ளும் ஏ.எச்.யு. விசிறிகள் நான்கு, தலைக்கு 5 கிலோவாட் வீதம், ஆளில்லாத அறைகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கின்றன. எப்போதோ டைமர் பழுதாகியிருக்கிறது. யாரோ அதைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய கட்டடங்களில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 80,000 யூனிட்.

விளக்குகளையும் பார்த்தாயிற்று. 800 பழைய குழல்விளக்குகள், சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 48 வாட். 20 வாட் எல்.இ.டி. போட்டால், தினம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 260 வேலைநாள் என்ற கணக்கில் ஏறத்தாழ 58,000 யூனிட் குறையும். இரண்டும் சேர்ந்து 1,38,000.

சரி, டைமரைச் சரிசெய்து எல்.இ.டி.யும் போட்டு வேலையும் முடிந்தது. உண்மையில் எவ்வளவு மிச்சம்? இங்கேதான் சிக்கல். செலவான யூனிட்டை மீட்டர் காட்டும். செலவாகாத யூனிட்டைக் காட்டும் மீட்டர் கிடையாது. வேலையே நடக்காமல் இருந்திருந்தால் இந்த ஆண்டு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து உண்மையான செலவைக் கழித்தாக வேண்டும். 1990களில் உருவான ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச நெறிமுறையின் அடிப்படையே இந்தக் கழித்தல்தான்.

மதிப்பீட்டுக்கு வேண்டியவை, வேலைக்கு முந்தைய 12 மாத மின்கட்டண ரசீதுகளும் அந்த மாதங்களின் வெப்பநிலையும். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரிக்கு மேல் எத்தனை டிகிரி போகிறதோ, அது அந்த நாளின் 'பாகை நாள்'. 26 டிகிரி என்றால் 8. (18 என்பது வழக்கமான எண்தான், கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.) மாத ரசீதுகளை, இந்த எண்களை மாதவாரியாகக் கூட்டி வரும் தொகைகளுக்கு எதிரே புள்ளிவைத்துக் கோடு போட்டால் இப்படி ஒன்று வரும்:

மாத யூனிட் = 60,000 + 150 × பாகை நாள்

முதல் எண் வெயிலோ மழையோ ஆகிற செலவு. இரண்டாவது வெயிலின் பங்கு.

முந்தைய ஆண்டில் 3,000 பாகை நாள்; செலவு 11,70,000 யூனிட். மாற்றத்துக்குப் பிந்தைய ஆண்டில் 10,20,000. நேராகக் கழித்தால் மிச்சம் 1,50,000. ஆனால் பிந்தைய ஆண்டில் வெயில் அதிகம், 3,300 பாகை நாள். பழைய கட்டடமே இருந்திருந்தால் 12,15,000 ஆகியிருக்கும் என்கிறது சமன்பாடு. அப்படியானால் மிச்சம் 1,95,000.

மிச்சத்தைக் காட்டிப் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரர் சந்தோஷமாக இங்கேயே நிறுத்திக்கொள்வார். ஆனால் அந்த ஆண்டின் கடைசி 6 மாதம் ஒரு மாடி காலி. அந்த மாடியின் துணை மீட்டரில் முன்பு மாதம் 6,000 யூனிட் ஓடியது. அந்த 36,000 யூனிட் குறைந்ததற்கும் எல்.இ.டி.க்கும் சம்பந்தமில்லை. அதைக் கழித்தால் மிச்சம் 1,59,000.

ஒரே கட்டடம், ஒரே ஆண்டு, மூன்று விடைகள். அதனால்தான் அளவிடல் திட்டத்தை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த மீட்டர், எந்த வானிலை நிலையம், மாடி காலியானால் எப்படித் திருத்துவது என்பதையெல்லாம் பணம் கைமாறும் நேரத்தில் பேச ஆரம்பித்தால் சண்டைதான். பழைய விளக்கைக் கழற்றிவிட்ட பிறகு அதன் வாட்டை அளக்கவும் முடியாது.

முழுக் கட்டடத்தையும் மீட்டரில் பார்க்கும் இந்த முறைக்கு ஐ.பி.எம்.வி.பி.யில் 'ஆப்ஷன் சி' என்று பெயர். மிச்சம் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் மாத ரசீதுகளின் ஏற்ற இறக்கத்துக்கு நடுவே அது தெளிவாகத் தெரியும். நம் கணக்கில் 13 சதவீதத்துக்குச் சற்று மேல், தப்பித்தோம். விசிறியின் டைமரை மட்டும் சரிசெய்திருந்தால் 80,000 யூனிட் அந்த ஏற்ற இறக்கத்தில் காணாமல் போயிருக்கும். அப்போது விசிறியின் இணைப்பிலேயே மீட்டர் வைத்து முன்னும் பின்னும் அளப்பதுதான் வழி.

கருவிவாரியாகப் போட்ட 1,38,000க்கும் இந்த 1,59,000க்கும் இடையே 21,000 இடிக்கிறதே? விளக்கும் விசிறியும் குறைந்தால் அவை கக்கும் வெப்பமும் குறையும். அதை வெளியேற்றும் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்துக்கும் வேலை குறையும். பெரும்பகுதி அதுவாக இருக்கலாம். ஆனால் முழுவதும் அதுவல்ல. காலியான மாடிக்கும் அதே சில்லரிலிருந்துதான் குளிர்காற்று போனது; அந்தச் செலவு துணை மீட்டரில் ஏறவே இல்லை. ஆகவே 1,59,000 என்பதும் கொஞ்சம் தாராளமான எண்தான்.

மாறாக விடை 90,000 என்று வந்திருந்தால், நான் முதலில் இரண்டு இடங்களில் தேடுவேன். பழைய குழல்விளக்குகளில் எத்தனை ஏற்கெனவே எரியாமல் கிடந்தன? அப்புறம், அந்த டைமரைத் தாண்டி யாராவது மறுபடியும் ஒயர் கொடுத்துவிட்டார்களா?